ஃபண்டர் கேட்ட வரிசையில், கேட்ட அளவில்: பழைய புரபோசலை மாற்றியமைப்பது எப்படி?

சிறிய தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரு புரபோசல் தயாராக இருக்கும். யாரோ ஒருவர் பல நாள் உட்கார்ந்து எழுதியது. ஊரின் நிலை, அமைப்பின் வரலாறு, செய்ய நினைக்கும் வேலை, பட்ஜெட் எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் புதிதாக ஒரு நிதி நிறுவனம் விண்ணப்பம் கோரும். அவர்களுடைய படிவத்தில் எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை சொல் என்று வரம்பு. கையில் இருப்பதோ வேறு வரிசையில், ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்தில்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, பழைய கோப்பைத் திறந்து மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு போவது. வரம்புக்குள் வந்ததும் தலைப்புகளின் பெயரை மட்டும் மாற்றுவது. இதில் நீளம் குறையும், ஆனால் கேள்விக்குப் பதில் வராது. வெட்டுவது கடைசி வேலைகளில் ஒன்று. அதற்கு முன்னால் பழைய புரபோசலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் ஃபண்டரின் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்த்து, அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போவோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறு அமைப்பு, ஒரு கிராமத்தின் ஊருணியைத் தூர்வாரி மீட்க நிதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதனால் மழைநீர் தேங்கும் ஊருணி அங்கே குடிநீர் சம்பந்தப்பட்ட விஷயம். ஊர், தொகை, படிவம் மூன்றும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் படிவத்தின் அமைப்பு, பல அறக்கட்டளைகள் கேட்பதைப் போன்றதே.

முதலில் வெறும் கூடு

பழைய கோப்பைத் திறக்காதீர்கள். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, ஃபண்டரின் தலைப்புகளை அவர்கள் கொடுத்த அதே வரிசையில், அதே சொற்களில் தட்டச்சு செய்யுங்கள். "பிரச்சினை விளக்கம்" என்று அவர்கள் எழுதியிருந்தால் நீங்கள் "பின்னணி" என்று மாற்றக் கூடாது. மதிப்பீட்டாளர் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும், அதில் அந்தத் தலைப்புகள்தான் இருக்கும். அவர் தேடும் பெயரில் அது இல்லையென்றால், விஷயம் உள்ளே இருந்தாலும் இல்லாதது போலத்தான்.

நம் எடுத்துக்காட்டில் படிவம் இப்படி இருக்கிறது:

1. திட்டச் சுருக்கம்: 150 சொல்
2. பிரச்சினை விளக்கம்: 250
3. செயல்பாடுகளும் கால அட்டவணையும்: 500
4. பயனாளிகளும் எதிர்பார்க்கும் விளைவும்: 300
5. கண்காணிப்பு: 200
6. நிதிக் காலம் முடிந்த பின் பராமரிப்பு: 200
7. அமைப்பின் தகுதி: 150
8. பட்ஜெட் விளக்கம்: 250

மொத்தம் 2,000 சொல். பழைய புரபோசலில் அமைப்பின் வரலாறு 800, பின்னணி 1,100, நோக்கங்கள் 200, செயல்பாடுகள் 600, பயன்கள் 400, பட்ஜெட் 200, முடிவுரை 100 என்று 3,400 சொல் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் பாதிக்கு மேல், அதாவது 1,900 சொல், "நாங்கள் யார், ஊர் எப்படி இருக்கிறது" என்பதற்கே போயிருக்கிறது. ஃபண்டர் அந்த இரண்டுக்கும் சேர்த்துத் தருவது 400. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு மட்டும் 500. கண்காணிப்புக்கும் பின்னாளைய பராமரிப்புக்கும் தலா 200, பழையதில் அவற்றுக்குத் தலைப்பே இல்லை. சொல் வரம்பைத் தொல்லையாக மட்டும் பார்க்காதீர்கள். எதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆர்வமாக இருக்கிறோம் என்று ஃபண்டர் அதில் எண்ணாகவே சொல்லியிருக்கிறார்.

வரிசையையும் அளவையும் மீறினால் என்ன ஆகும்? பெரிய நிதி நிறுவனங்கள் இதில் இரக்கம் காட்டுவதில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ஆய்வுத் திட்ட விளக்கம் பொதுவாக 15 பக்கத்தைத் தாண்டக் கூடாது. சமூகப் பயனைப் பற்றிய பகுதி அதற்குள் தனித் தலைப்பில் இருந்தாக வேண்டும். விதிகளுக்கு உட்படாத விண்ணப்பத்தை மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. சிறிய அறக்கட்டளைகளின் ஆன்லைன் படிவங்களில் இன்னும் எளிது: வரம்பைத் தாண்டினால் பெட்டி எழுத்தை வாங்காது, அல்லது தாண்டிய பகுதியை வெட்டிவிடும்.

ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் எத்தனை கேள்வி?

தலைப்புக்குக் கீழே ஃபண்டர் சிறிய எழுத்தில் விளக்கம் கொடுத்திருப்பார். பலர் அதை ஒரு முறை படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதுதான் உண்மையான கேள்வித்தாள். நம் படிவத்தின் நான்காம் பகுதிக்குக் கீழே இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "திட்டத்தால் யார், எத்தனை பேர் பயனடைவார்கள்? அவர்களில் பெண்கள் எவ்வளவு பேர்? திட்ட முடிவில் என்ன மாறியிருக்கும்? அதை எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்?"

இது ஒரு கேள்வி அல்ல, நான்கு. கூட்டில் அவற்றை நான்கு தனி வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். அப்புறம் 300 சொல்லை அவற்றுக்குள் பங்கிடுங்கள். யார், எத்தனை பேர் என்பதற்கு 60, பெண்களுக்கு 40, மாற்றத்துக்கு 120, அடிப்படைக்கு 80. இந்தப் பங்கீடு கல்வெட்டு இல்லை, எழுதும்போது மாறும். ஆனால் இது இல்லாவிட்டால் முதல் கேள்விக்கே 250 சொல் போய்விடும், கடைசிக் கேள்விக்கு ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். மதிப்பெண் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் போகிறது, ஏனென்றால் அதற்கு எல்லாரும் மேலோட்டமாகப் பதில் எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள கூகுள் ஷீட் ஒன்று போதும். A நிரலில் துணைக் கேள்வி, B-யில் ஒதுக்கிய சொல், C-யில் உங்கள் பதில். D-யில் இந்தச் சூத்திரத்தைப் போட்டால், எத்தனை சொல் எழுதியிருக்கிறீர்கள் என்று அதுவே காட்டும்:

```
=IF(C2="",0,COUNTA(SPLIT(SUBSTITUTE(C2,CHAR(10)," ")," ")))
```

பத்தி உடைப்புகளையும் இது இடைவெளியாக எடுத்துக்கொண்டு எண்ணும். E நிரலில் `=B2-D2` என்று போட்டால் மிச்சம் தெரியும். வேர்டு கோப்பிலேயே வேலை செய்ய விரும்புபவர்கள் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால், கீழ்ப்பட்டையில் அந்தப் பகுதியின் சொல் எண்ணிக்கை தெரியும்.

பழையதைத் துண்டாக்குவது

இப்போது பழைய கோப்பைத் திறக்கலாம். அதன் நகல் ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும், மூலத்தைத் தொடாதீர்கள். வாக்கியம் வாக்கியமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது பதில் சொல்லும் புதிய பகுதியின் எண்ணைப் போடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத வாக்கியத்துக்கு 0.

இதைப் பத்தி பத்தியாகச் செய்தால் பயனில்லை. ஒரே பத்திக்குள் மூன்று பகுதிகளுக்கான விஷயம் ஒளிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் அமைப்பின் வரலாறு என்ற தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு பத்தி:

"எங்கள் அமைப்பு கடந்த பல ஆண்டுகளாக இப்பகுதி மக்களின் வாழ்வாதார மேம்பாட்டிற்காக அயராது பாடுபட்டு வருகிறது. அதன் ஒரு பகுதியாக, 2019-ஆம் ஆண்டு பக்கத்து ஊரில் உள்ள ஊருணி ஒன்று தூர்வாரப்பட்டு, மக்களின் பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இன்றளவும் அவ்வூருணியை அங்குள்ள மகளிர் குழுவினரே சிறப்பாகப் பராமரித்து வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கதாகும்."

முதல் வாக்கியத்துக்கு 0. இரண்டாவதுக்கு 7, ஏனென்றால் இதே வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறோம் என்பது தகுதி. மூன்றாவதுக்கு 6. தூர்வாரிய ஊருணியை ஊரே பராமரிக்கிறது என்பது பின்னாளைய பராமரிப்புக்கு மிக வலுவான சான்று. பழைய புரபோசலில் அது வரலாற்றின் நடுவே யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பராமரிப்புக்கு எதுவுமே எழுதவில்லையே என்று கவலைப்படுபவர்கள் முதலில் தேட வேண்டிய இடம், அமைப்பின் வரலாறும் முடிவுரையும்தான்.

எண் போட்டு முடித்ததும் எல்லாத் துண்டுகளையும் கூட்டுக்குள் அந்தந்தக் கேள்விக்குக் கீழே ஒட்டுங்கள். மொழிநடையைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 0 வாங்கியவற்றை அழித்துவிடாமல் "மிச்சம்" என்று ஒரு தனிக் கோப்பில் போடுங்கள். ஃபண்டரின் ஆட்கள் ஊரைப் பார்க்க வரும்போது கேட்கும் கேள்விகளுக்கு அங்கிருந்துதான் பதில் எடுப்பீர்கள். ஆனால் அதை இணைப்பாக விண்ணப்பத்தோடு அனுப்ப ஆசைப்படாதீர்கள். கேட்காத இணைப்பைப் பெரும்பாலான இடங்களில் படிப்பதில்லை, வரம்பை ஏமாற்றும் முயற்சி என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஓட்டைகள் தெரியும் இடம்

ஒட்டி முடித்தபின் ஒரு தடவை கூட்டை மேலிருந்து பாருங்கள். சில கேள்விகளுக்குக் கீழே 600 சொல் குவிந்திருக்கும், சிலவற்றுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. காலியான இடங்களை முதலில் கவனிக்க வேண்டும். அவற்றை எழுத்துத் திறமையால் நிரப்ப முடியாது, தகவல் வேண்டும். தகவல் திரட்ட நாள் பிடிக்கும். அதனால்தான் இந்த வேலையைக் கடைசித் தேதிக்கு முந்தின வாரத்தில் தொடங்கக் கூடாது.

நம் எடுத்துக்காட்டில் கண்காணிப்பு முழுக்கக் காலி. ஊருணியில் எதை அளப்பது? வேலைக்கு முன்னும் பின்னும் ஆழம், மழைக்காலம் முடிந்தபின் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது, கோடையில் எத்தனை வீடுகள் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றன. இவற்றுக்கு இன்றைய நிலவரம் தெரிந்தால்தான் நாளைய மாற்றத்தைச் சொல்ல முடியும். ஒருவர் ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு வர வேண்டும். அதே தகவல் நான்காம் பகுதியின் "எந்த அடிப்படையில்" என்ற கேள்விக்கும் பதிலாகும்.

இன்னொரு ஓட்டை, ஊரின் ஒப்புதல். பராமரிப்பை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று நாம் எழுதினால் போதாது, கிராம சபைத் தீர்மானம் இருந்தால்தான் நம்புவார்கள். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற குறிப்பிட்ட நாட்களில்தான் வழக்கமாகக் கூடுகிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்னால் எந்தக் கூட்டம் வருகிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கால அட்டவணை. பழையதில் "12 மாதத்தில் பணிகள் நிறைவேற்றப்படும்" என்று மட்டும் இருந்தது. புதிய படிவம் மாதவாரியாகக் கேட்கிறது. ராமநாதபுரத்துக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து. தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். ஃபண்டரின் நிதிக் காலம் ஜூலையில் தொடங்குகிறது என்றால், மண் வேலைக்குக் கிடைப்பது மூன்றே மாதம். அப்படியானால் சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் வரத்துக்காலைச் சரிசெய்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அல்லது அனுமதி வேலைகளை நிதி வருமுன்பே முடித்திருக்க வேண்டும். தலைப்பின் வரிசை மாறியதால் திட்டமே கொஞ்சம் மாறுகிறது பாருங்கள். இது நல்லதுதான். இந்த இடத்தில் படிவம் நம்மிடம் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறது.

எழுதுவது: பதில் முதல் வாக்கியத்தில்

துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, ஓட்டைகளும் நிரம்பின. இனி ஒவ்வொரு பகுதியையும் துண்டுகளைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். ஒட்டிய வாக்கியங்களை அப்படியே கோத்தால் தையல் தெரியும்.

நம்மில் பலருக்குப் பழகிப்போன நடை, பீடிகை போட்டு மெல்ல விஷயத்துக்கு வருவது. விண்ணப்பத்தில் அதைத் தலைகீழாக்க வேண்டும். துணைக் கேள்விக்கான பதில் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும், காரணமும் சான்றும் அதன் பின்னால். மேலே பார்த்த பத்தி, ஆறாம் பகுதியில் இப்படி ஆகிறது:

"2019-ல் நாங்கள் தூர்வாரிய பக்கத்து ஊர் ஊருணியை, வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் வசூலித்து அங்குள்ள மகளிர் குழு இன்றுவரை பராமரிக்கிறது. அதே ஏற்பாட்டுக்கு இந்த ஊரிலும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியுள்ளது."

பழையதில் 39 சொல், இதில் 24. ஆனால் இதில் தகவல் கூடியிருக்கிறது: பணம் எங்கிருந்து வருகிறது, இந்த ஊரில் என்ன முடிவாகியிருக்கிறது என்ற இரண்டும் பழையதில் இல்லை. போனவை "அயராது பாடுபட்டு", "பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்", "என்பது குறிப்பிடத்தக்கதாகும்" போன்றவை. விழா மேடைக்கு அவை பொருந்தும், இங்கே வரம்பைத் தின்பதைத் தவிர அவற்றுக்கு வேலை இல்லை.

ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். சில இடங்களில் ஒருவர் பட்ஜெட்டை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் செயல்பாடுகளை மட்டும். எல்லாவற்றையும் ஒருவரே படித்தாலும், பல விண்ணப்பங்களின் மூன்றாம் பகுதியை வரிசையாகப் படித்து மதிப்பெண் போட்டுவிட்டு நான்காம் பகுதிக்குப் போவது உண்டு. அதனால் "மேலே சொன்னதுபோல" என்று எழுதினால் அவருக்கு மேலே எதுவும் இருக்காது. தேவையான தகவலை ஒரு வரியில் மறுபடி சொல்லிவிடுங்கள், அதற்குச் செலவாகும் ஏழெட்டுச் சொல் வீண் இல்லை.

வெட்டுவது

இப்போது வரம்பைப் பாருங்கள். இந்த வரிசையில் வந்திருந்தால் பொதுவாக ஒவ்வொரு பகுதியும் வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். நான் வெட்டச் சொல்லும் வரிசை இது. முதலில், வேறு பகுதியில் முழுதாக இருக்கும் விஷயத்தை நீளமாக மறுபடி சொல்லும் இடங்கள். அடுத்து, மதிப்பீட்டாளருக்கு ஏற்கெனவே தெரிந்த பொது உண்மைகள். தண்ணீரின் அருமையை ஒரு நீர்நிலைத் திட்டத்துக்கு நிதி தர முன்வந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னணியின் 1,100 சொல்லில் பெரும்பகுதி இங்கேதான் போகும். மூன்றாவதாகத்தான் வாக்கியங்களைச் சுருக்குவது: "செய்யப்பட்டு வருகின்றது" என்பதைச் "செய்கிறோம்" ஆக்குவது போல.

எண்ணையும் இடத்தையும் பெயரையும் வெட்டாதீர்கள். அவசரத்தில் அதைத்தான் பலர் முதலில் எடுக்கிறார்கள், ஏனென்றால் எண் இல்லாமலும் வாக்கியம் நன்றாக ஒலிக்கும். "சுமார் 4,000 சதுர மீட்டர் பரப்பில் சராசரி 0.9 மீட்டர் ஆழத்துக்கு, 3,600 கன மீட்டர் வண்டல் அகற்றுவோம்" என்பதை "ஊருணியை முழுமையாகத் தூர்வாருவோம்" என்று சுருக்கினால் சொல் மிச்சமாகும், ஆனால் பட்ஜெட்டில் இருக்கும் தொகைக்கு ஆதாரம் போய்விடும்.

இங்கே தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. விண்ணப்பத்தைத் தமிழில் யோசித்து எழுதி, பின்பு ஆங்கிலத்தில் சமர்ப்பிப்பவர்கள்தான் அதிகம். "தூர்வாரப்படாததால்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல்லாக விரியும். ஆகவே தமிழில் 250-க்குச் சரியாக எழுதிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தால் ஆங்கிலத்தில் நிச்சயம் தாண்டும். தமிழ் வரைவை வரம்பில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. ஆங்கிலத்தில் வந்தபின் கடைசி வெட்டை அங்கே செய்யலாம்.

தமிழிலேயே சமர்ப்பிப்பதாக இருந்தால், வரம்பு சொல்லிலா எழுத்திலா என்று பாருங்கள். எழுத்து என்றால் கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றல்ல. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. 1,000 எழுத்து என்று வரம்பு இருந்தால், நீங்கள் நினைப்பதைவிட வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். படிவத்தின் பெட்டியிலேயே ஒரு பத்தியை ஒட்டிப் பார்த்தால் அது எப்படி எண்ணுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், சொல் எண்ணிக்கையைக் குறைக்க சொற்களை ஒட்டி எழுதும் பழக்கம். "செய்துவருகிறோம்" என்று சேர்த்து எழுதுவது வழக்கில் உள்ளதுதான். ஆனால் "ஊருணிதூர்வாரும்பணிக்காக" என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார், காரணமும் அவருக்குப் புரிந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

எண்களும் பட்ஜெட்டும்

இடம் மாற்றி எழுதும்போது மிக எளிதாக உடைவது எண்களின் ஒற்றுமை. பழைய புரபோசல் எழுதியபோது 190 குடும்பம் என்று இருந்திருக்கும், புதிய கணக்கெடுப்பில் 210. நான்காம் பகுதியில் மாற்றுவீர்கள், சுருக்கத்தில் மறந்துவிடுவீர்கள். இரண்டு எண்ணையும் பார்த்த மதிப்பீட்டாளருக்கு மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும். ஒரு தாளில் எல்லா முக்கிய எண்களையும் ஒரு தரம் எழுதிக்கொள்ளுங்கள்: குடும்பங்கள், பரப்பு, கன மீட்டர், மாதங்கள், மொத்தத் தொகை. எழுதி முடித்ததும் அந்தத் தாளை வைத்து எட்டுப் பகுதிகளிலும் ஒவ்வோர் எண்ணாகத் தேடிச் சரிபாருங்கள். சுருக்கப் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். முதலில் வரும் இடத்தில் விரித்து எழுதியிருப்போம், வரிசை மாறியதும் அந்த இடம் ஐந்தாம் பகுதிக்குப் போயிருக்கும்.

பட்ஜெட்டைச் செயல்பாடுகளோடு வரிக்கு வரி பொருத்துங்கள். மூன்றாம் பகுதியில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எட்டாம் பகுதியில் ஒரு தொகை இருக்க வேண்டும், அங்கே இருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் இங்கே ஒரு வேலை. கன மீட்டருக்கு 100 ரூபாய் என்று கணக்கிட்டால் 3,600 கன மீட்டருக்கு 3,60,000 ரூபாய். இப்படி அளவும் விலையும் சேர்ந்து தெரிய வேண்டும். செயல்பாடுகளை வெட்டும்போது படித்துறை கட்டும் வேலையை எடுத்துவிட்டு, பட்ஜெட்டில் அதன் தொகையை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது.

வெளிநாட்டு நிதி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி நிர்வாகச் செலவு பெறும் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை இருந்தது. வாங்கிய நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பழைய புரபோசலில் "கூட்டாளி அமைப்புக்கு வழங்குவது" என்று ஒரு வரி இருந்தால், அதை அப்படியே தூக்கிப் புதியதில் வைக்காதீர்கள். அந்த வேலையை உங்கள் அமைப்பே செய்வதாக மாற்ற முடியுமா என்று உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சுருக்கமும் சமர்ப்பிப்பும்

முதல் பகுதியான சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். மற்ற ஏழு பகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு வாக்கியம் எடுத்து, பிரச்சினை, வேலை, பயனாளிகள், விளைவு, தொகை என்ற வரிசையில் அடுக்கினால் 150 சொல் நிரம்பிவிடும். மற்ற பகுதிகளில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக் கூடாது.

பின்பு, திட்டத்தில் சம்பந்தப்படாத ஒருவரிடம் ஒரே ஒரு பகுதியையும் அதற்கான துணைக் கேள்விகளையும் கொடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்கும் வாக்கியத்தை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதனால் பயன் இல்லை.

படிவத்தில் ஒட்டும்போது தடித்த எழுத்து, அட்டவணை, புள்ளிப் பட்டியல் பல நேரம் காணாமல் போகும். கால அட்டவணையை அட்டவணையாகப் போட்டிருந்தால் மாதங்களும் வேலைகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே வரியாகிவிடும். ஆகவே "ஜூலை: அனுமதி, சீமைக்கருவேலம் அகற்றுதல்." என்று மாதத்துக்கு ஒரு வரியாக, வெறும் எழுத்திலேயே படிக்கும்படி முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியபின் ஒவ்வொரு பெட்டியின் கடைசி வாக்கியத்துக்கும் போய், அது முற்றுப்புள்ளியோடு முடிகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றிருந்தால் படிவம் உங்கள் கணக்கைவிடக் கூடுதலாக எண்ணியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி ஒட்டி, அப்புறம் சமர்ப்பியுங்கள்.